பென்டிரைவில் 50 ஜிபி காலி. 5 ஜிபி படம் ஏன் ஏறவில்லை?

64 ஜிபி பென்டிரைவ். அதில் 50 ஜிபி காலி. 5 ஜிபி படத்தை காப்பி செய்தால், ஃபைல் ரொம்பப் பெரிசு என்கிறது விண்டோஸ். பென்டிரைவ் பழுதா? இல்லை. சிக்கல் இடத்தில் இல்லை, கணக்கு எழுதும் முறையில் இருக்கு.

பென்டிரைவில் ரைட் கிளிக் செய்து Properties பாருங்கள். File system என்ற இடத்தில் FAT32 என்று இருந்தால், காரணம் அதுதான். இது 1996-ல் விண்டோஸ் 95-இன் மேம்பட்ட பதிப்போடு வந்த முறை. ஒவ்வொரு ஃபைலின் அளவையும் குறித்துவைக்க, இதில் 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுத முடிகிற மிகப்பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. படிவத்தில் பத்து கட்டம்தான் இருக்கு என்றால், பதினோரு இலக்க எண்ணை எங்கே எழுதுவீர்கள்? அதே கதைதான். அதனால்தான் 2 ஜிபி படங்கள் இருபது ஏறும். 5 ஜிபி படம் ஒன்றுகூட ஏறாது.

தீர்வு, exFAT முறைக்கு ஃபார்மேட் செய்வது. அதில் அளவைக் குறிக்க 64 பிட் உண்டு. ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ளதை அழிக்காமல் மாற்ற வேண்டுமா? பென்டிரைவ் E: என்றால், கமாண்ட் பிராம்ப்டில் இதை அடிக்கலாம்:

```
convert E: /fs:ntfs
```

ஒரு எச்சரிக்கை: சில பழைய டிவிகள் FAT32-ஐ மட்டுமே படிக்கும். அங்கே பார்க்கப்போகிறீர்கள் என்றால், 4 ஜிபிக்குள் இருக்கும் பிரதியைத் தேடுவதே வழி.