பொன்னாடைக்கு நாற்பது விநாடி

குருத்துவ வெள்ளி விழாக்களில் திருப்பலி பெரும்பாலும் சொன்ன நேரத்துக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடக்கும் பாராட்டு விழாதான் எட்டரைக்கு முடிய வேண்டியது பத்து மணிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. பந்தியில் சாம்பார் ஆறுகிறது, வெளியூரிலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்கள் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். விழா நாயகர் ஏற்புரை சொல்ல எழும்போது எதிரே பாதி நாற்காலிகள் காலி. இருபத்தைந்து ஆண்டு ஊருக்கு உழைத்த ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டியவர்கள் போன பிறகு அவரைப் பேசச் சொல்வதுதான் இந்த விழாக்களில் நடக்கும் பெரிய அவமரியாதை. இதைத் தடுக்க முடிந்தவர் மேடையில் ஒருவர்தான்: மைக்கைக் கையில் வைத்திருக்கும் தொகுப்பாளர்.

அவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். திருப்பலிக்கு முன்னுரையும் வாசகங்களுக்கு அறிமுகமும் சொல்பவர் வழிபாட்டு விளக்கவுரையாளர். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 105ஆம் எண்ணில் அவருக்கு இடம் தருகின்றன. சொல்வது நன்கு தயாரித்ததாக, தெளிவாக, சுருக்கமாக இருக்க வேண்டும். மக்கள் பார்க்கும்படி நிற்க வேண்டும், ஆனால் வாசக மேடையில் நிற்கக் கூடாது. பாராட்டு விழாத் தொகுப்பாளரே இரண்டையும் செய்யும் பங்குகளில் முன்னுரையிலேயே அடைமொழிகள் கொட்டத் தொடங்கிவிடுகின்றன. திருப்பலி நன்றி சொல்லும் வழிபாடு. அங்கே தந்தையும் நன்றி சொல்ல வந்தவர்தான். மாலையும் கைதட்டலும் வெளியே பந்தலுக்கு உரியவை. இரண்டு பொறுப்பையும் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இனி பந்தல். ஒரு நடுத்தரப் பங்கை எடுத்துக்கொள்வோம். மாலை 5.30க்கு ஆயர் தலைமையில் நன்றித் திருப்பலி, ஏழு மணிக்கு முடிகிறது. 7.15க்குப் பாராட்டு விழா, 8.30க்கு விருந்து. கையில் இருப்பது 75 நிமிடம். பங்குப் பேரவை தந்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிமிடத்தை எழுதிப் பாருங்கள். வரவேற்பு நடனமும் வரவேற்புரையும் சேர்த்து 8. வாழ்த்துரை ஐந்து பேருக்கு, ஆளுக்கு 4 என்றால் 20. மறைக்கல்விப் பிள்ளைகளின் நடனம் இரண்டு, 10. தந்தையின் வாழ்க்கைப் படத்தொகுப்பு 6. ஆயர் உரை 8, ஏற்புரை 10, நன்றியுரை 4, இறுதி ஆசி 2. இதுவே 68 ஆகிவிட்டது. பட்டியலில் யாரும் நிமிடம் போடாத இரண்டு இன்னும் பாக்கி. ஒன்று, தொகுப்பாளர் பேசும் நேரம்: பதினான்கு இணைப்புகள், அரை நிமிடம் வீதம் 7. மற்றொன்று பொன்னாடை.

பொன்னாடைதான் விழாக்களை விழுங்குவது. பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அவர் நாற்காலிகளைத் தாண்டி மேடை ஏற வேண்டும், பொன்னாடையை உறையிலிருந்து எடுத்துப் போர்த்த வேண்டும், புகைப்படக்காரர் “ஒரு நிமிஷம், இந்தப் பக்கம்” என்பார், பிறகு இறங்க வேண்டும். எவ்வளவு சுறுசுறுப்பான பங்காக இருந்தாலும் ஒன்றுக்கு நாற்பது விநாடிக்குக் குறையாது. அன்பியங்கள், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பால் சபை, பள்ளி ஆசிரியர்கள், துறவற இல்லங்கள், தந்தை முன்பு பணியாற்றிய பங்குகள் என்று 24 பேர் வந்தால் 16 நிமிடம். ஆக மொத்தம் 91. விழா தொடங்கும் முன்பே 16 நிமிடம் தாமதம் எழுதிவைக்கப்பட்டுவிட்டது. அன்று மாலை யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எங்கே வெட்டுவது? ஆயர் உரையிலும் ஏற்புரையிலும் கை வைக்கக் கூடாது. படத்தொகுப்பை 7 மணிக்கும் 7.15க்கும் இடையில், மக்கள் கோவிலிலிருந்து பந்தலுக்கு வந்து உட்காரும் நேரத்தில் ஓடவிடலாம். ஆறு நிமிடம் மிச்சம். இரண்டு நடனத்தை ஒன்றாக்கினால் ஐந்து. பொன்னாடையை ஐந்து கூட்டமாக்க வேண்டும்: குடும்பத்தார், உடன் குருத்துவம் பெற்றவர்கள், முந்தைய பங்குகளின் மக்கள், துறவற இல்லங்கள், சொந்தப் பங்கின் சபைகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொன்னாடை, ஒரே புகைப்படம், ஒரு நிமிடம். ஒரு கூட்டம் மேடையில் நிற்கும்போதே அடுத்த கூட்டம் படிக்கட்டின் கீழ் நிற்க வேண்டும். அதற்கு இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். 16 நிமிடம் ஐந்தாகிவிடும். இப்போது மொத்தம் 69, கையில் ஆறு நிமிடம். அந்த ஆறும் ஆடம்பரம் இல்லை, மைக் கீச்சிடுவதற்கும் மின்சாரம் போவதற்கும் உரியவை.

இந்த வெட்டுக்கு எதிர்ப்பு வரும். அன்பியங்களிடமிருந்து வந்தால் பங்குத்தந்தை சமாளித்துக்கொள்வார். “விருந்துப் பந்தலில் தந்தை உட்காருகிறார், அங்கே ஒவ்வொருவரும் வந்து வாழ்த்தலாம்” என்றால் போதும். ஆனால் முந்தைய பங்கிலிருந்து வேன் பிடித்து நூறு கிலோமீட்டர் வந்தவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக்கும்போது கவனம் வேண்டும். அவர்களை முதலில் அழையுங்கள், ஊர்ப் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவர்கள் எதிர்பார்ப்பது தங்கள் ஊர்ப் பெயர் மைக்கில் கேட்பதுதான். பொன்னாடை அதற்குப் பிறகுதான்.

அடுத்து எழுத்து. மேடையில் நிறுத்தி நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல் வரும். அரை நிமிட இணைப்பு என்றால் 50 சொல்லுக்குள். அந்த அளவில் அன்பின் சிகரம், ஆன்மிக ஒளிவிளக்கு, பண்பின் பெட்டகம் மூன்றும் போட்டால் சொல்ல வந்ததற்கு இடம் இருக்காது. ஒரு செய்தி போதும், அது அவருடைய செய்தியாக இருக்க வேண்டும். 2001இல் அருட்பொழிவு பெற்று 2026இல் வெள்ளி விழா காணும் ஒருவருக்கு இப்படி எழுதலாம்:

“2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது தந்தை அவர்கள் கடற்கரைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களோடு தானும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தவர். அந்த நாள்களில் உடனிருந்த ஆசிரியர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். வாழ்த்துரை வழங்க அவரை அன்போடு அழைக்கிறேன்.”

முப்பது சொல்லைக் கூடத் தாண்டவில்லை. இந்த அழைப்பில் தந்தை யார் என்பதும் பேச வருபவர் ஏன் பேச வருகிறார் என்பதும் வந்துவிட்டன. செய்தி எங்கே கிடைக்கும் என்றால், பத்து நாளைக்கு முன்பு தந்தையின் அக்காவிடமோ தங்கையிடமோ கேளுங்கள். தந்தையிடம் கேட்டால் “அதெல்லாம் எதுக்குப்பா” என்பார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: எதைச் சொல்லக் கூடாது? பாதியில் மாற்றலாகி வந்த பங்கு இருக்கலாம், ஒரு வழக்கு இருக்கலாம். உடன் குருத்துவம் பெற்றவர்களை அழைக்கும்போது “எட்டுப் பேரில் ஏழு பேர் இங்கே” என்று எண்ணிக் காட்டக் கூடாது. எட்டாமவர் குருத்துவத்தை விட்டு விலகியவராக இருக்கலாம், இறந்துபோனவராக இருக்கலாம். “உடன் அருட்பொழிவு பெற்ற தந்தையர்” என்றால் போதும்.

அம்மா உயிரோடு இருந்தால் அவரை மேடைக்கு அழைக்காதீர்கள். எண்பது வயதில் அந்த மரப்படிக்கட்டில் ஏற இரண்டு பேர் தாங்க வேண்டும், பார்ப்பவர்களுக்கே பதற்றம். மகன் இறங்கி முன்வரிசைக்குப் போகட்டும். தொகுப்பில் ஒரே வரி: “தந்தை அவர்கள் இப்போது அம்மாவிடம் செல்கிறார்கள்.” அதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம். தாய்மையைப் பற்றி அந்த இடத்தில் எழுதப்படும் நாலு வரிதான் பல தொகுப்புகளிலும் மோசமான பகுதி. அப்பா காலமாகியிருந்தால் வரவேற்புரையில் பெயர் சொல்லி நினைவுகூர்ந்துவிடுங்கள். பொன்னாடை நேரத்துக்கு வைத்திருக்காதீர்கள்.

ஒழுங்கில் தவறினால் நாளைக்குப் பேச்சு வரும். பேசுவது சிறியவரிலிருந்து பெரியவருக்கு ஏறும்: பங்குப் பேரவைத் துணைத்தலைவர், முந்தைய பங்கின் பிரதிநிதி, அருட்சகோதரி, உடன் குரு, மறைவட்ட அதிபர், பிறகு ஆயர், கடைசியாக ஏற்புரை. சிறப்புச் செய்வது பெரியவரிலிருந்து இறங்கும். ஆயருக்கு முதல் பொன்னாடை. ஆனால் ஆயருக்கு மறுநாள் காலை வேறு ஊரில் நிகழ்ச்சி இருக்கலாம். முதல் நாளே அவருடைய செயலரிடம் கிளம்பும் நேரத்தைக் கேட்டு, அவசரம் என்றால் அவர் உரையை நடனத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள். “மேதகு ஆயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே” என்ற நீண்ட விளிப்பை வரவேற்புரையில் ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களை “அவைக்கு வணக்கம்” என்று தொடங்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஐந்து பேச்சாளர்களும் ஆளுக்கு ஒரு நிமிடம் விளித்துக்கொண்டிருந்தால் ஒரு நடனத்துக்கான நேரம் போய்விடும்.

நாலு நிமிடக்காரர் ஏழு நிமிடத்துக்குப் போனால்? துண்டுச்சீட்டு அனுப்பினால் அதையும் படித்துவிட்டுத் தொடர்பவர்கள் உண்டு. மூன்றாவது நிமிடத்தில் தொகுப்பாளர் எழுந்து மேடை ஓரத்தில் அவர் பார்வையில் படும்படி நிற்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் நினைவுப்பரிசைத் தட்டில் வைத்திருக்கும் பிள்ளையை அருகில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் முதல் கைதட்டல் தொகுப்பாளருடையதாக இருக்கட்டும், கூட்டம் சேர்ந்துகொள்ளும். “இன்னும் சொல்ல ஏராளம் இருக்கிறது என்று தெரிகிறது. அதைத் தந்தையிடமே விருந்தில் சொல்லலாம். மிக்க நன்றி ஐயா.” இது ஆயரிடமும் மூத்த குருக்களிடமும் செல்லாது. அவர்களுக்கான நேரத்தைப் பங்குத்தந்தைதான் முன்னமே சொல்ல வேண்டும். நீண்டுவிட்டால் அந்த ஆறு நிமிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும், ஒரு நிகழ்வுக்கு ஒரு தாள் என்று அச்சிடுங்கள்; வரிசை மாறினால் தாளை மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அந்த நிகழ்வு தொடங்க வேண்டிய மணியை எழுதுங்கள், எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதினால் போதாது. 7.52 என்று எழுதியிருந்து கடிகாரம் 7.58 காட்டினால், கூட்டல் போடாமலே தெரியும், அடுத்த இணைப்பை ஒரு வரியாக்க வேண்டும் என்று. ஒரு நகல் ஒலிபெருக்கிக்காரரிடம், ஒரு நகல் பாடகர் குழுவிடம்.

நன்றியுரை முடிந்து ஆயர் ஆசி வழங்கியதும் தொகுப்பாளர் சொல்ல வேண்டியவை இரண்டே. விருந்து எந்தப் பக்கம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு.