தாம்பரத்தில் எத்தனை எழுத்து?

'தாம்பரம்' என்பதில் எத்தனை எழுத்துகள்? தா, ம், ப, ர, ம் என ஐந்து என்பீர்கள். கணிப்பொறியோ எட்டு என்கிறது! யூனிகோடு முறையில் துணைக்காலும் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் அல்லவா? இவற்றைச் சேர்த்து எழுத்துகளாகப் பிரித்துத் தருவது 'ஓபன்-தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு. பலர் கூடி எழுதியது. ஒருவர் செய்யும் திருத்தம் மற்றவர் வேலையைக் கெடுத்துவிடாதா?

இதற்குக் காவல்தான் 'கன்டினியுவஸ் இன்டெக்ரேஷன்', அதாவது தொடர் ஒருங்கிணைப்பு. சேலையூர் மாணவி ஒருத்தி இத்தகைய நிரலைத் திருத்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உடனே எங்கோ உள்ள ஒரு கணிப்பொறி, பழைய கோப்பு எதுவுமில்லாத வெற்றிடத்தில் நிரலை நிறுவிச் சோதனைகளைத் தானே இயக்குகிறது. அவற்றுள் ஒன்று இப்படி இருக்கலாம்:

```python
assert len(get_letters("தாம்பரம்")) == 5
```

துணைக்காலைச் சேர்த்தவள் புள்ளிகளை மறந்துவிட்டாள். விடை ஏழு! சிவப்புக் குறி தோன்றுகிறது. எந்தச் சோதனை தவறியது என்றும் தெரிகிறது. அவள் திருத்தி அனுப்பியதும் குறி பச்சையாகிறது.

பச்சை என்றால் பிழையே இல்லை என்று பொருளா? இல்லை. 'க்ஷ' எழுத்துக்குச் சோதனை எழுதாவிட்டால், அதிலுள்ள பிழை தப்பிவிடும். ஆகவே, பிழை ஒன்று அகப்பட்டால் அதற்கொரு சோதனையும் எழுதிச் சேர்க்கிறார்கள். அதே பிழை மீண்டும் வந்தால் வாசலிலேயே பிடிபடும்.