ஒழுங்கு அறுகோணத்தின் பரப்பளவு

ஒழுங்கு அறுகோணத்தின் மையத்தை ஆறு முனைகளோடும் இணைத்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு வரையும் செங்குத்துக் கோட்டின் நீளமே அப்போதெம். அதுவே ஒவ்வொரு முக்கோணத்தின் உயரமும் ஆகும். ஆகவே மொத்தப் பரப்பளவு, சுற்றளவையும் அப்போதெத்தையும் பெருக்கியதில் பாதி.

பக்கம் 10 செ.மீ. உள்ள தரை ஓட்டை எடுத்துக்கொள்வோம். செங்குத்து பக்கத்தை 5 செ.மீ. வீதம் இரண்டாக வெட்டும். பிதாகரஸ் தேற்றப்படி அப்போதெம் √(100 − 25) = √75, அதாவது ஏறத்தாழ 8.66 செ.மீ. சுற்றளவு 60 செ.மீ. எனவே பரப்பளவு ½ × 60 × 8.66 = 259.8 சதுர செ.மீ.

மையத்திலிருந்து முனைக்கு உள்ள 10 செ.மீ. தொலைவை அப்போதெமாகக் கொண்டால் விடை 300 என்று தவறாக வரும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்து பாதியாக்கினால் சரியான அப்போதெம் தெரிந்துவிடும்.