கோடைக்கு எந்தப் பந்து?

தில்லியில் ஜனவரி மாதக் காலையில் களத்தினுள் சரியாக விழுந்த இறகுப்பந்து, மே மாதத்தில் அதே வலிமையுடன் அடித்தால் பின்கோட்டைத் தாண்டிச் செல்லும். இதற்குக் காரணம் காற்றே. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே பந்தைக் குறைவாகவே தடுக்கிறது. அடர்ந்த குளிர்காற்று பந்தின் வேகத்தை விரைவில் குறைக்கிறது.

ஆதலால் பருவத்திற்கேற்பப் பந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்கையில் பதினாறு இறகுகளைச் செருகிச் செய்யும் பந்துகள் 76, 77, 78 என எண்ணிடப்படுகின்றன. எண் கூடினால் வேகமும் கூடும். எனவே கோடைக்குச் சிறிய எண்ணும் குளிர்காலத்திற்குப் பெரிய எண்ணும் ஏற்றவை. நைலான் பந்துகளில் வேகத்தை வண்ணப் பட்டை காட்டும். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரமானது, சிவப்பு விரைவானது. கோடையில் பச்சையே பொருந்தும்.

நைலான் பந்து நெடுநாள் உழைப்பதால் பயிற்சிக்கு உதவும். இறகாலான பந்து விரைவில் முறியும். ஆயினும் விரைந்து பறந்து, வேகம் குறைந்து, செங்குத்தாக இறங்குவதால் பெரும் போட்டிகளில் அதையே பயன்படுத்துகின்றனர்.

தேர்வு சரிதானா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. பின்கோட்டருகே நின்று, பந்தைக் கீழிருந்து மேல்நோக்கி, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வலிமையுடன் அடியுங்கள். எதிர்ப்புறப் பின்கோட்டிற்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழுந்தால் பந்து சரியானது. மே மாதத்தில் 77 எண் பந்து 30 செ.மீ. முன்னால் விழுந்தால், அதன் வேகம் மிகுதி. அப்போது 76 எண் பந்தை எடுத்து மீண்டும் சோதியுங்கள்.