பரிந்துரைக் கடிதத்தில் களப்பணியை எழுதுவது எப்படி?

சூழலியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருவர், தம் கல்லூரி விரிவுரையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். "கடின உழைப்பாளி, இயற்கை ஆர்வம் மிக்கவர், களப்பணியில் சிறந்தவர்" என்று எழுதிக் கொடுத்தால், அது எந்த மாணவருக்கும் பொருந்தும். தேர்வுக்குழு அறிய விரும்புவது வேறு: உடன் யாரும் இல்லாத இடத்தில் இவர் எடுக்கும் குறிப்புகளை நம்பலாமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அம்மாணவியின் திட்டப்பணி, புதர்க்காட்டுப் பறவைகளைக் கணக்கெடுப்பது. நேர்கோட்டுப் பாதையில் நடந்து, இருபுறமும் தென்படும் ஒவ்வொரு பறவையையும், பாதையிலிருந்து அது இருக்கும் செங்குத்துத் தொலைவையும் குறிக்க வேண்டும். தொலைவில் உள்ள பறவைகள் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். எத்தனை தப்பியிருக்கும் என்பதை இத்தொலைவுகளைக் கொண்டே கணிக்கிறோம். எனவே தொலைவு பிழையானால் எண்ணிக்கையும் பிழையாகும்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. கண்ணால் மதிப்பிடுபவர்கள் 8 மீட்டரையும் 12 மீட்டரையும் 10 என்றே எழுதிவிடுவார்கள். தொலைவுகளை வரைபடமாக்கினால் 10, 20, 30 ஆகிய இடங்களில் மட்டும் பட்டைகள் உயர்ந்து நிற்கும். தவறு அதிலேயே தெரிந்துவிடும்.

இதை அறிந்த விரிவுரையாளர் பின்வருமாறு எழுதலாம்:

"முதல் வாரக் குறிப்புகளை வரைபடமாக்கியபோது, தொலைவுகள் பத்தின் மடங்குகளில் குவிந்திருப்பதை இவரே கண்டு என்னிடம் கூறினார். பழைய எண்களைத் திருத்தவில்லை. காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அவற்றைத் தனியே ஒதுக்கினார். பின்னர் அளவுநாடாவைக் கொண்டு மரங்களில் அடையாளமிட்டு, மதிப்பிட்டுப் பழகிய பிறகே கணக்கெடுப்பை மீண்டும் தொடங்கினார். இரண்டு நாள் காலையில் நானும் உடன் நடந்து தனியாகக் குறித்தேன். பெரும்பாலான பதிவுகளில் எங்கள் மதிப்பீடுகள் ஓரிரு மீட்டருக்கு மேல் வேறுபடவில்லை. குரலை மட்டும் கேட்டு இனம் காண்பதில் இவருக்கு இன்னும் பயிற்சி தேவை. உறுதியில்லாதபோது 'இனம் தெரியவில்லை' என்றே குறித்திருக்கிறார்."

இப்பத்தியில் 'நேர்மையானவர்' என்ற சொல்லே இல்லை. ஆனால் நேர்மை தெரிகிறது. கடைசி இரு வரிகளில் உள்ள குறையும் மாணவிக்குப் பாதகமானதன்று. தெரியாததைத் தெரியாது என்று எழுதுபவரின் மற்றப் பதிவுகளை நம்பலாம் என்பதையே அது காட்டுகிறது.

கடிதம் எழுதுமுன் மாணவரின் களக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நேரில் கண்டதையும் குறிப்பேட்டில் படித்ததையும் கடிதத்தில் பிரித்துக் காட்டுங்கள். களத்தில் அம்மாணவரை ஒருமுறையும் பார்த்ததில்லை என்றால், உடன் சென்ற ஆசிரியரிடம் கடிதம் பெறச் சொல்வதே அவருக்குச் செய்யும் உதவி.