மூன்று நட்சத்திரக்காரர் சொல்வதைக் கேளுங்கள்

யூடியூபில் பல விளம்பரங்களை ஐந்து வினாடியில் தள்ளிவிடலாம். ‘தலைமுறைகளின் நம்பிக்கை, தரத்தின் மறுபெயர்’ என்று தொடங்கும் விளம்பரத்தை அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. ‘கிரைண்டர் ஓடும்போது போன் பேச முடியுமா?’ என்று தொடங்கிப் பாருங்கள். புதுக் கிரைண்டர் வாங்கும் யோசனையில் இருப்பவர் சற்று நிற்பார். இப்படிப்பட்ட வரிகளை எழுத்தாளர்கள் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. வாங்கியவர்களின் விமர்சனங்களிலிருந்தும் வாங்கப்போகிறவர்களின் கேள்விகளிலிருந்தும் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் ஜோயன்னா வீப் என்ற விளம்பர எழுத்தாளர். அமெரிக்காவில் போதை மறுவாழ்வு மையம் ஒன்றுக்காக எழுதியபோது, போதைப் பழக்கம் பற்றிய புத்தகங்களுக்கு அமேசானில் வாசகர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்தார். சிகிச்சை தேவையோ என்று உனக்கே தோன்றினால் தேவைதான் என்ற பொருளில் ஒருவர் எழுதியிருந்தார். அதையே தலைப்பாக்கியதும் மையத்தின் பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

செய்முறையை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம். கோவையில் தயாராகும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டருக்கு 30 வினாடி விளம்பரம் எழுத வேண்டும். அந்தக் கிரைண்டருக்கும் போட்டிக் கிரைண்டர்களுக்கும் வந்த விமர்சனங்களில் ஓர் இருநூறைத் திரட்டுகிறோம். ‘சூப்பர்’, ‘வேஸ்ட்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவை உதவாது. கூரியர் தாமதம் பற்றிய புலம்பலும் வேண்டாம். மூன்று, நான்கு நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படிக்க வேண்டும். பிடித்ததையும் குறையையும் சேர்த்துச் சொல்பவர்கள் அவர்கள்தான்.

பயன்படும் ஒவ்வொரு வரியையும் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் ஓர் எக்செல் தாளில் ஒட்டுகிறோம். பக்கத்தில் அது எந்த வகை என்று குறிக்கிறோம்: வாங்கும் முன் இருந்த தொல்லை, தயக்கம், பயன்படுத்திய நேரம், கிடைத்த பலன். ‘அம்மாவுக்கு முட்டி வலி, டிரம்மைத் தூக்க முடியல’ என்பது தொல்லை. ‘காலையில ஆறு மணிக்குப் போட்டாலும் குழந்தை எழல’ என்பது பலன். இவற்றைத் ‘எளிதான பயன்பாடு’, ‘குறைந்த ஒலி’ என்று செந்தமிழாக்கினால் உயிர் போய்விடும். முட்டியும் ஆறு மணியும் குழந்தையும்தான் கேட்பவருக்குத் தன் வீட்டைக் காட்டுகின்றன.

விமர்சனங்கள் வாங்கிய பிறகு எழுதப்படுபவை. அதனால் பலனைச் சொல்கின்றன. கேள்விகள் பணம் கொடுக்கும் முன் கேட்கப்படுபவை. கையைப் பிடித்து இழுக்கும் பயம் அங்கேதான் இருக்கிறது. ‘ரெண்டு பேருக்குக் கொஞ்சமா அரைச்சா அரையுமா?’, ‘கல்லுல இருந்து கறுப்பா வருமா?’, ‘சர்வீஸுக்கு எங்க ஊருக்கு ஆள் வருவாங்களா?’ கடைக்கு வரும் போன் அழைப்புகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண்ணுவது. ஒரே கவலையை எத்தனை வெவ்வேறு ஆட்கள் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோபத்தில் ஒருவர் எழுதிய நீண்ட புகார் மனதில் ஒட்டிக்கொண்டு, இருபது பேர் அடக்கமாகக் கேட்டதை மறைத்துவிடும். ஒரே நாளில், ஒரே சொல்லடுக்கோடு, எந்த விவரமும் இல்லாமல் குவிந்த ஐந்து நட்சத்திரங்கள் காசுக்கு எழுதியவையாக இருக்கலாம். அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

நம் தாளில் சத்தமும் தூக்குகிற சிரமமும் முன்னால் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 30 வினாடியில் ஐம்பது சொல்லுக்கு மேல் நிதானமாகப் பேச முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதிகம் பேர் கேட்டது சத்தம் என்றால் வடிவம் இப்படி வரும்: முதல் வரி, கேள்வி கேட்டவருடையது: “கிரைண்டர் ஓடும்போது போன் பேச முடியுமா?” அடுத்து, கிரைண்டர் ஓட ஓட அதன் பக்கத்திலேயே ஒருவர் போன் பேசும் காட்சி. அதன்பின் வாங்கியவர் சொன்ன பலன்: “ஆறு மணிக்குப் போட்டாலும் குழந்தை எழல.” கடைசியில் விலையும் வாங்கும் இடமும். கேள்வி தயங்கியவருடையது, பதில் அதே தயக்கத்தைக் கடந்தவருடையது. நடுவில் எழுத்தாளரின் வேலை இரண்டையும் கோத்துவிடுவதுதான்.

இங்கே இரண்டு எல்லைகள் உண்டு. பலர் எழுதினார்கள் என்பதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. ‘மாவு சூடாகாது’ என்று விளம்பரத்தில் சொல்லும் நிறுவனம், கேட்டால் சோதனை முடிவைக் காட்ட வேண்டியிருக்கும். ஒருவரின் பெயரையோ படத்தையோ அனுமதியில்லாமல் போடவும் கூடாது.

இன்னொன்று, பதில் இல்லாத கவலை. கொஞ்சமாக அரைத்தால் கல் சும்மா சுற்றுகிறது, உளுந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று பலர் எழுதியிருந்தால், அந்தக் கேள்வியை விளம்பரத்தில் எழுப்பக் கூடாது. எழுப்பிவிட்டு மழுப்பினால் அடுத்த மாத விமர்சனங்களில் அதுவே பெரிதாக வரும். குறைந்தது எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பதை விற்பனை விவரத்தில் தெளிவாக எழுதிவிட்டு, தாளின் அந்தப் பகுதியைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவதே சரி.