கெண்டைக்கால் சதையா, குதிகால் நாணா: ஓட்டத்தை எப்போது நிறுத்துவது?

கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அகில்லிஸ் தசைநாணும் ஒரே தொடரின் இரு பகுதிகள். முழங்காலுக்குப் பின்னால் தொடங்கும் சதை, காலின் பாதியைத் தாண்டியதும் படிப்படியாக ஒடுங்கி, கெட்டியான நாணாக மாறிக் குதிகாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. எங்கே சதை முடிகிறது, எங்கே நாண் தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியாது. அதனால் ஓடுபவருக்குக் காலின் பின்புறம் வலித்தால், அது எதன் வலி என்பதில் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் குழப்பத்தோடு ஓட்டத்தைத் தொடர்வது ஆபத்து. நாண் நோகும்போது ஓர் எல்லைக்குள் ஓடலாம்; சதை கிழிந்திருக்கும்போது அடுத்த கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது.

கெண்டைக்காலில் பெரிய தசைகள் இரண்டு உண்டு. மேலாக உருண்டு திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதற்கு அடியில் தட்டையாகப் படர்ந்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒரே அகில்லிஸ் நாணில் சேர்கின்றன. ஆனால் மேலே அவை தொடங்கும் இடம் வேறு. காஸ்ட்ராக்னீமியஸ் முழங்கால் மூட்டைத் தாண்டித் தொடை எலும்பில் தொடங்குகிறது; சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. முழங்காலை மடக்கினால் முதல் தசை தளர்ந்து, பாரத்தில் பெரும்பங்கைச் சோலியஸ் ஏற்றுக்கொள்ளும். வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

சதைக் கிழிவு பெரும்பாலும் நேரம் குறித்துச் சொல்லும்படி வரும். வேகத்தைக் கூட்டும்போதோ, மேடேறும்போதோ, காலை உந்தித் தள்ளும் அந்தக் கணத்தில் சுரீரென்று ஒரு வலி. கெண்டைக்காலின் உட்பக்கத்தில், சதை நாணாக மாறத் தொடங்கும் இடத்தில்தான் இது அதிகம் நேர்கிறது. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தவர்கள் பலர். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கிழிந்த இழைகளிலிருந்து கசியும் இரத்தம் ஓரிரு நாளில் கீழிறங்கி, கணுக்கால் ஓரத்தில் நீலமாகக் கன்றித் தெரியலாம். அதைப் பார்த்துக் கணுக்காலில் அடிபட்டுவிட்டதோ என்று குழம்ப வேண்டியதில்லை. கிழிவு மேலேதான் இருக்கும். இலேசான கிழிவில் கன்றலே தெரியாமலும் போகலாம்.

நாணின் நோவு வேறு விதமாக வரும். அது தொடங்கிய நாளைப் பெரும்பாலோரால் சொல்ல முடியாது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே ஒரு விறைப்பு. நடக்க நடக்க அது விட்டுவிடும். ஓட்டத்திலும் அப்படித்தான். முதல் பத்து நிமிடம் நோகும், சூடு ஏறியதும் மறைந்துவிடும், ஓடி முடித்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் மீண்டும் பிடிக்கும். நோகும் இடம் வழக்கமாகக் குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நாணை இருபுறமும் பிடித்து அழுத்தினால், சரியாக அந்த ஓரிடத்தில் வலிக்கும். மறு காலோடு ஒப்பிட்டால் அங்கே நாண் சற்றுத் தடித்திருப்பதும் விரலுக்குத் தெரியலாம். சிலருக்கு நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி இருக்கும். ஷூவின் பின்விளிம்பு அதில் அழுத்தும்போது இன்னும் நோகும்.

இவ்வளவு தெளிவாக எல்லாருக்கும் பிரிந்து நின்றால் பிரச்சினையே இல்லை. ஏமாற்றுவது சோலியஸ் கிழிவு. அது பெரும்பாலும் சுரீரென்று வருவதில்லை. கெண்டைக்காலின் கீழ்ப்பாதியில் ஆழமாக ஓர் இறுக்கம், ஒரு பாரம்; அவ்வளவுதான். மெதுவாக வருவதாலும் நாணுக்கு அருகில் இருப்பதாலும் அதை நாண்வலி என்றே எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஓடும்போது வலி நகரும் திசை. நாண்வலி பொதுவாகச் சூடு ஏறியதும் குறையும். சோலியஸ் வலி தூரம் கூடக் கூட இறுகிக்கொண்டே போகும்.

இதை வீட்டில் உறுதிப்படுத்திக்கொள்ள முதலில் விரலால் தேட வேண்டும். அழுத்தினால் நோகும் இடம் குறுகிய நாணின்மீதா, அதற்கு மேலே சதைக்குள்ளா, ஓரிடத்திலா, பரவலாகவா என்று பார்க்க வேண்டும். பிறகு சுவரில் கை வைத்து, முழங்காலை நேராக நிறுத்தி, ஒற்றைக் காலில் குதியைத் தூக்க வேண்டும். அடுத்து முழங்காலைச் சற்று மடக்கி அதையே செய்ய வேண்டும். நேராக நிற்கும்போது மேற்சதை வலித்தால் சந்தேகம் காஸ்ட்ராக்னீமியஸ் மீது. மடக்கும்போது ஆழத்தில் கூடுதலாக வலித்தால் சோலியஸ் மீது. இரண்டு நிலையிலும் வலி கீழே நாணில்தான் என்றால் நாண். இரண்டு கால் ஊன்றித் தூக்கும்போதே கடுமையாக வலித்தால் ஒற்றைக் காலில் முயலவே வேண்டாம். வலி மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது.

இந்த இரண்டிலும் சேராத சில நிலைகளுக்கு உடனே மருத்துவர் தேவை. நாண் முழுதாக அறுந்தால் 'டப்'பென்ற சத்தமும், அதன்பின் குதியைத் தூக்கவே முடியாத நிலையும் இருக்கும். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் இயல்பாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். வலி குறைவாக இருப்பதை வைத்து இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று, ஓட்டத்தோடு தொடர்பே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி நோவது. நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பின் இப்படி வந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அது அவசரச் சிகிச்சைக்குரியது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து எடுக்கும்போது நாண் நோகத் தொடங்கினால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருந்தை எழுதித் தந்தவரிடம் உடனே சொல்ல வேண்டும். நாணைப் பலவீனமாக்கும் தன்மை அவற்றுக்கு உண்டு.

இனி நிறுத்தும் முடிவு. சதை கிழிந்ததாகச் சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே ஓட்டம் முடிந்தது. நடந்தோ ஆட்டோ பிடித்தோ வீடு திரும்புவதுதான் சரி. கிழிந்த இடத்தில் உடல் முதலில் போடும் தழும்புத்திசு பல நாட்களுக்கு மிகவும் பலவீனமாக இருக்கும். அதன்மீது ஓட்டத்தின் உந்துவிசை விழுந்தால் பழைய கிழிவே பெரிதாகும். முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்ப்பதும், இழுத்து நீட்டுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். நம் ஊரில் உடனே எண்ணெய் போட்டு உருவிவிடுவது வழக்கம். புதிய கிழிவுக்கு அது வேண்டாம். இலேசான கிழிவு ஆற இரண்டு, மூன்று வாரம் ஆகும். நடுத்தரமானதற்கு ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம்.

நாணுக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. முழு ஓய்வில் வைத்தால் நாண் அமைதியாகும், ஆனால் பாரம் தாங்கும் திறனையும் இழக்கும். திரும்ப ஓடியதும் வலி திரும்பும். ஸ்வீடனைச் சேர்ந்த சில்பர்னேகலும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. நாண் நோவு உள்ளவர்களில் ஒரு குழு ஓட்டத்தை நிறுத்தி வைத்தது. இன்னொரு குழு வலியைக் கண்காணித்துக்கொண்டே ஓடியது. இரு குழுவும் ஒரே பயிற்சியைச் செய்தன, இரண்டும் தேறின. தொடர்ந்து ஓடியவர்களுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. அங்கே பின்பற்றிய விதி எளிது. பத்துக்கு எத்தனை என்று வலியை மதிப்பிட்டால், ஓடும்போது அது 5ஐத் தாண்டக் கூடாது. ஓடியபின் 5 வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக் கூடாது. மூன்றில் எது மீறினாலும் தூரத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும். குறைத்தும் அடங்காவிட்டால் நிறுத்த வேண்டும். ஓட்டத்தால் நடையே மாறி நொண்ட வேண்டி வந்தால் எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, அன்றே நிறுத்த வேண்டும். 5 என்பது சற்றுத் தாராளமான எல்லைதான். புதிதாக ஓடத் தொடங்கியவர் 3ஐ எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் 44 வயதுக்காரர் ஒருவர், குதிப்பகுதி உயரம் குறைந்த புது ஷூவுக்கு மாறுகிறார். அதே வாரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும் பயிற்சியையும் சேர்க்கிறார். இரண்டுமே கெண்டைக்காலின் பாரத்தைக் கூட்டுபவை. பத்து நாளில் காலின் கீழ்ப்பின்புறம் இறுகுகிறது. நாணாக இருக்கும் என்று எண்ணி, 3 அளவு வலிதானே என்று தொடர்கிறார். ஆனால் காலையில் எழும்போது விறைப்பு இல்லை. நாணைப் பிடித்து அழுத்தினால் நோகவில்லை. நாலாவது கிலோமீட்டரில் தொடங்கும் இறுக்கம் ஏழாவதில் காலை இழுக்க வைக்கிறது. முழங்காலை மடக்கிக் குதியைத் தூக்கியதும் வலி ஆழத்தில் பளிச்சென்று தெரிகிறது. சோலியஸ்தான், நாணுக்கான 5 என்ற எல்லை இவருக்குப் பொருந்தாது.

அவர் ஓட்டத்தை முழுதாக நிறுத்துகிறார். சில நாட்கள் ஷூவுக்குள் குதிக்கு அடியில் ஒரு சிறு தாங்கு வைத்து நடக்கிறார். நடை வலியற்றதானதும் நாற்காலியில் உட்கார்ந்தபடி குதியைத் தூக்கும் பயிற்சி. முழங்கால் மடங்கியிருப்பதால் இது நேராகச் சோலியஸைப் பலப்படுத்தும். பிறகு நின்றபடி இரு கால், பிறகு ஒற்றைக் கால், பிறகு முதுகுப்பையில் பாரம். அரை மணி நேரம் விரைந்து நடந்தும் வலி இல்லை, ஒற்றைக் காலில் இருபது முறை குதி தூக்குவதில் இரு காலும் சமம், ஒற்றைக் காலில் குதித்தாலும் பயமோ வலியோ இல்லை: இந்த மூன்றும் சேர்ந்த பிறகே ஓட்டம். முதல் நாளில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், சமதளத்தில், பழைய ஷூவில். அடுத்த நாள் ஓய்வு. நான்கு முறை இப்படி ஓடியும் இறுக்கம் வராவிட்டால் ஓடும் நிமிடங்கள் கூடும். வேக ஓட்டமும் மேம்பாலமும் கடைசியில் வரும். புது ஷூ வாரத்துக்கு ஒரு குறுகிய ஓட்டத்தில் மட்டும் தொடங்கும்.